இரண்டு நிமிட டெங்கி காணொளி: பிரதியைத் திருத்திய விதம்

சிங்கப்பூரில் பொதுமக்களுக்கான அறிவிப்புக் காணொளிகள் பெரும்பாலும் முதலில் ஆங்கிலத்தில்தான் எழுதப்படுகின்றன. படம் ஒன்றுதான். குரல் மட்டும் மாண்டரின், மலாய், தமிழ் என்று மாறும். ஆங்கிலக் குரலின் நீளத்துக்கு ஏற்பப் படத்தை வெட்டி ஒட்டி முடித்த பிறகே தமிழில் எழுதுபவரின் கைக்கு வேலை வந்து சேரும். ஆங்கிலத்தில் நான்கு நொடியில் முடிகிற வாக்கியம் தமிழில் ஐந்தரை நொடியோ ஆறு நொடியோ பிடிக்கும். குரல் கொடுப்பவர் மூச்சுவிடாமல் ஓடுவார். படத்தில் இருந்த கொஞ்சநஞ்ச மௌனமும் காணாமல் போகும். பிறகு ஒருவர் வந்து, "பார்வையற்றோருக்காக ஒலி விவரிப்பும் சேர்த்துவிடுங்கள்" என்பார். எங்கே சேர்ப்பது?

இங்கே எடுத்துக்கொண்டிருக்கும் நிகழ்வு அப்படி வந்த ஒன்றுதான். வடக்கு வட்டாரத்தில் இருக்கும் ஒரு வசிப்போர் குழு, தன் புளோக்குகளில் வாழும் தமிழ் முதியோருக்காக டெங்கித் தடுப்பு பற்றி இரண்டு நிமிடக் காணொளி ஒன்றைத் தயாரித்தது. படப்பிடிப்பு முடிந்து, முதல் வெட்டும் தயாராகியிருந்தது. தமிழ்ப் பிரதியை வேறொருவர் ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்திருந்தார். சப்டைட்டிலும் ஒலி விவரிப்பும் சேர்த்துத் தர வேண்டும் என்பது எனக்குச் சொல்லப்பட்ட வேலை. சப்டைட்டில் என்று இங்கே நான் சொல்வது, பேச்சோடு முக்கியமான ஓசைகளையும் எழுத்தில் காட்டும் வகையை. ஒலி விவரிப்பு என்பது, படத்தில் தெரிவதைப் பேச்சுக்கு இடையிலான மௌனத்தில் ஒரு குரல் சொல்வது.

முதலில் செய்தது கடிகாரத்தை வைத்து மௌனத்தை அளந்ததுதான். 120 நொடிப் படத்தில் பேச்சு 108 நொடி. மிச்சமிருந்த 12 நொடியில் எட்டு நொடி தொடக்க இசைக்குப் போயிருந்தது. மீதி நான்கும் அரை நொடி, முக்கால் நொடித் துண்டுகளாகச் சிதறிக் கிடந்தன. நிதானமாகத் தமிழ் பேசும் குரலுக்கு நொடிக்கு இரண்டு சொல் என்று கணக்கு வைத்துக்கொள்வது என் வழக்கம். முக்கால் நொடியில் "ஒரு பெண்" என்று சொல்லலாம். அந்தப் பெண் என்ன செய்கிறாள் என்று சொல்வதற்குள் அடுத்த பேச்சு வந்து மேலே விழும். ஒலி விவரிப்பு பேச்சின் மேல் ஏறக்கூடாது என்பது இந்தத் தொழிலின் முதல் விதி. ஆகவே அந்தப் பிரதியை அப்படியே வைத்துக்கொண்டு விவரிப்பை ஒட்டவைக்க வழியே இல்லை. பிரதியைத் திருத்தி எழுதினால்தான் ஆகும் என்று குழுவிடம் சொன்னேன். நல்லவேளையாக, படத்தொகுப்பு செய்த பாலிடெக்னிக் மாணவர் படச்சுருள்களை எல்லாம் பத்திரமாக வைத்திருந்தார். இருபது, இருபத்தைந்து நொடி கூட்டிக்கொள்ளலாம் என்றார்.

இதில் ஒரு சலுகையும் இருக்கிறது. டபிள்யூ3சி என்ற இணையத் தர அமைப்பு வகுத்த அணுகல் வழிகாட்டிகள், பதிவுசெய்த காணொளிகளுக்குச் சப்டைட்டிலை முதல் நிலையிலேயே கேட்கின்றன. அதற்கு அடுத்த நிலையில் ஒலி விவரிப்பைக் கேட்கின்றன. ஆனால் படத்தில் இருக்கும் செய்தி முழுவதும் ஏற்கெனவே ஒலியில் வந்துவிட்டால் தனி விவரிப்பு தேவையில்லை என்றும் அவை சொல்கின்றன. செய்முறை சொல்லும் காணொளிக்கு இதுதான் சிறந்த வழி என்பது என் கருத்து. தனிக் குரல் ஒன்று குறுக்கே வந்து விவரிப்பதைவிட, கதை சொல்லும் குரலே காட்சியையும் சொல்லிவிடட்டும். அதற்கு அடங்காதவற்றுக்கு மட்டும் தனி விவரிப்பு.

முதல் பிரதியில் சமையலறைக் காட்சி ஒன்று. வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகளில், குறிப்பாகப் பழைய புளோக்குகளில், சமையலறை ஜன்னலுக்கு வெளியே துணி காயப்போடும் மூங்கில் கழிகளைச் செருகுவதற்குக் குழாய்கள் இருக்கும். கழி இல்லாத நேரத்தில் மழை நீர் அதற்குள் இறங்கி நிற்கும். ஏடிஸ் கொசுவுக்கு அது போதும். காட்சியில் ஓர் அம்மா கழியை உருவுகிறார், குழாயின் வாயில் மூடியை வைத்து அழுத்துகிறார். அதற்கு எழுதப்பட்டிருந்த பேச்சு இது:

"இங்கே பாருங்கள், இதுபோன்ற இடங்களில் தேங்கும் தண்ணீரைக்கூட நாம் அலட்சியமாக விட்டுவிடக் கூடாது என்பதால், கழியை எடுத்தவுடன் இப்படி மூடியைப் போட்டு நன்றாக அழுத்தி மூடிவிட வேண்டும்."

இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால்தான் குறை தெரியும். எங்கே பார்ப்பது? எதுபோன்ற இடம்? எப்படி மூடுவது? 'இங்கே', 'இதுபோன்ற', 'இப்படி' என்ற மூன்று சொற்களும் விரலை நீட்டிக் காட்டுகின்றன. விரல் தெரியாதவருக்கு வாக்கியத்தில் எஞ்சுவது அறிவுரை மட்டுமே. எந்தப் பிரதி வந்தாலும் சுட்டுச் சொற்களை வட்டமிடுவதில்தான் நான் தொடங்குகிறேன். இந்தப் பிரதியில் இரண்டு பக்கங்களில் பதினேழு வட்டங்கள் விழுந்தன.

திருத்திய பேச்சு:

"சமையலறை ஜன்னலுக்கு வெளியே, துணிக்கழி செருகும் குழாய்கள் இருக்கின்றன. மழை பெய்தால் அவற்றில் தண்ணீர் தேங்கும். கழியை எடுத்ததும் குழாயை மூடுங்கள். மூடியை அழுத்துங்கள். 'டக்' என்று சத்தம் வரும்."

பழையதில் இருபது சொற்கள், புதியதில் இருபத்திரண்டு. நீளம் ஏறக்குறைய அதேதான். ஆனால் இடம் பெயரோடு வந்துவிட்டது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்துவிட்டது, மூடி சரியாகப் பொருந்தியதா என்று கண் இல்லாமலே அறிய ஓர் அடையாளமும் கிடைத்துவிட்டது. அந்த 'டக்' படப்பிடிப்பில் இயல்பாகவே பதிவாகியிருந்தது. இசை அதை மூடிப்போட்டிருந்தது. அந்த இடத்தில் இசையைத் தாழ்த்தச் சொன்னோம். சப்டைட்டிலில் அதுவே [மூடி 'டக்'கென்று பொருந்துகிறது] என்று ஓசைக் குறிப்பாக வருகிறது. காது கேளாதவருக்குச் சத்தத்தைச் சொல்கிறோம், கண் தெரியாதவருக்குச் சத்தத்தையே கொடுக்கிறோம். ஒரே திருத்தம் இரண்டு பேருக்கும் உதவுகிற இடங்கள் அதிகம் இல்லை. கிடைத்தால் விடக்கூடாது.

வாக்கியங்கள் குறுகியதற்குக் காரணம் வேறு. தமிழில் எடுத்து, போட்டு, அழுத்தி என்று வினையெச்சங்களை அடுக்கிக்கொண்டே போய்க் கடைசியில் ஒரு வினைமுற்றை வைத்து முடித்துவிடலாம். பேச்சில் அது அழகுதான், பாட்டிகள் கதை சொல்வதும் அப்படித்தான். ஆனால் சப்டைட்டில் துண்டுதுண்டாக வருகிறது. ஒரு துண்டு மறைந்த பிறகே அடுத்தது தெரியும். வினைமுற்று வரும்வரை படிப்பவர் முன்னால் போன எச்சங்களை எல்லாம் நினைவில் சுமந்துகொண்டு இருக்க வேண்டும். அதோடு கண் படத்துக்கும் எழுத்துக்கும் மாறிமாறி ஓடுகிறது. ஒரு செயலுக்கு ஒரு வினைமுற்று என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொரு துண்டும் தானே ஒரு முழுச் செய்தியாக நிற்கிறது.

இதில் மிகவும் ஆபத்தான இடம் எதிர்மறை. தமிழில் 'கூடாது', 'வேண்டாம்', 'இல்லை' எல்லாம் கடைசியில்தான் வருகின்றன. பூச்சாடிக் காட்சியில் இருந்த வாக்கியத்தைப் பாருங்கள்:

"தண்ணீரை மட்டும் மாற்றினால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள்."

செய்தி சரியானது. ஏடிஸ் கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான உட்சுவரில் முட்டையிடுகிறது. தண்ணீரைக் கொட்டினாலும் முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு காய்ந்தே கிடக்கும். மறுபடி தண்ணீர் ஊற்றினால் பொரிக்கும். அதனால்தான் சாடியின் உட்புறத்தைத் தேய்க்கச் சொல்கிறார்கள். ஆனால் கைபேசியின் நிமிர்ந்த திரைக்காகப் படத்தொகுப்பாளர் ஒரு நேரத்துக்கு ஒரு வரி என்று அமைத்திருந்தார். ஒரு வரிக்கு 42 குறிகள் என்பது மென்பொருளில் இருந்த வரம்பு. வாக்கியம் 'என்று' என்ற சொல்லுக்குப் பிறகு உடைந்தது. திரையில் இரண்டு நொடிக்கு மேல் நின்ற வரி, "தண்ணீரை மட்டும் மாற்றினால் போதும் என்று". சொல்ல வந்ததற்கு நேர் எதிர். 'நினைத்துவிடாதீர்கள்' வருவதற்குள் பார்வை சாடிக்குப் போயிருந்தால் முடிந்தது கதை.

இதைச் சோதித்துப் பார்க்கவும் வாய்ப்புக் கிடைத்தது. குழுவிலேயே எழுபது வயதைத் தாண்டிய அம்மா ஒருவர் இருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் காது மங்கத் தொடங்கியவர். தமிழ் முரசை வரி விடாமல் படிப்பவர். ஒலியை அடக்கிவிட்டு முதல் வெட்டைக் காட்டினோம். முடிந்ததும், பூச்சாடியை என்ன செய்யச் சொன்னார்கள் என்று கேட்டேன். "தண்ணீரை மாற்றச் சொன்னார்கள், தம்பி. அதைத்தான் நான் தினமும் செய்கிறேனே" என்றார். தேய்ப்பது பற்றி ஒரு சொல்லும் அவர் நினைவில் இல்லை. புரிந்ததா என்று கேட்டிருந்தால் புரிந்தது என்றுதான் சொல்லியிருப்பார். சோதிக்கிறவர் கேட்க வேண்டியது, என்ன செய்வீர்கள் என்பதை.

திருத்தியது:

"தண்ணீரை மாற்றுவது மட்டும் போதாது. சாடியின் உட்சுவரையும் தேயுங்கள். கொசு முட்டை அங்கேதான் ஒட்டியிருக்கும்."

இப்போது 'போதாது' முதல் துண்டுக்குள்ளேயே வந்துவிடுகிறது. எதிர்மறை வாக்கியம் எதுவாக இருந்தாலும் அது ஒரே துண்டில் அடங்க வேண்டும், அடங்காவிட்டால் உடன்பாடாக மாற்றி எழுத வேண்டும். இந்த விதிக்கு மட்டும் நான் விலக்குக் கொடுப்பதில்லை.

அந்த 42 குறி வரம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழ்ச் சப்டைட்டில் எழுதுகிற பலர் அதில் சிக்கித் தவிக்கிறார்கள். மென்பொருள் நம் எழுத்தை எண்ணுவதில்லை. யூனிகோடு குறிகளை எண்ணுகிறது. 'பூந்தொட்டி' நமக்கு ஐந்து எழுத்து. கணினிக்கு அது பத்துக் குறி: மெய்க்குப் புள்ளி தனி, உயிர்மெய்க்குக் கால், கொம்பு, சுழி எல்லாம் தனி. மேலே உடைந்த அந்த வரியும் அப்படித்தான். இடைவெளிகளைச் சேர்த்து மென்பொருள் 39 என்று காட்டிய இடத்தில் கண் படித்தது 23. ஆங்கிலத்துக்கு வைத்த வரம்பை அப்படியே தமிழுக்கு வைத்தால் வரிகள் தேவையில்லாமல் சீக்கிரமே உடையும். வரம்பை எடுத்துவிட்டாலும் ஆபத்துதான், ஏனென்றால் 'ணை', 'ஞா', 'னௌ' போன்ற எழுத்துகள் அகலமானவை. அவை கூடிவந்தால் குறைவான எழுத்திலேயே திரை நிறைந்துவிடும். ஆகவே நான் எண்ணிக்கையை நம்புவதில்லை. காணொளி ஓடப்போகிற கைபேசியில், அந்த எழுத்துருவிலேயே, மிக நீளமான வரியைப் போட்டுப் பார்க்கிறேன். மேலே இகர ஈகாரச் சுழிகளும் கீழே உகர ஊகாரக் கால்களும் வெட்டுப்படுகின்றனவா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். இரண்டு வரியாகப் போட்டால் மேல்வரியின் 'கூ' கீழ்வரியின் 'கீ'யோடு மோதுவது வழக்கமான தொல்லை. வரி இடைவெளியைக் கூட்டினால் தீரும்.

எவ்வளவு நேரம் திரையில் நிற்க வேண்டும் என்பதற்கும் என்னிடம் சூத்திரம் இல்லை. வரியை வாய்விட்டுப் படித்து, ஆன நேரத்தோடு அதில் பாதியைக் கூட்டிக்கொள்கிறேன். ஒன்றரை நொடிக்குக் குறைந்தால் மின்னி மறைந்ததுபோல் இருக்கும். ஏழு நொடிக்கு மேல் அதே வரி நின்றால் முதியோர் மறுபடி முதலிலிருந்து படிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். பூச்சாடிக் காட்சிக்கான கோப்பின் ஒரு பகுதி கடைசியில் இப்படி இருந்தது:

```
WEBVTT

00:01:02.000 --> 00:01:05.200
தண்ணீரை மாற்றுவது மட்டும் போதாது.

00:01:05.400 --> 00:01:08.400
சாடியின் உட்சுவரையும் தேயுங்கள்.

00:01:08.500 --> 00:01:10.500
[சுவரைத் தேய்க்கும் சத்தம்]
```

கோப்பை `UTF-8` ஆகச் சேமிக்காவிட்டால் இது முழுவதும் கேள்விக்குறிகளாகவோ கட்டங்களாகவோ மாறிவிடும் என்பதைத் தவிர இதில் நுட்பம் ஒன்றும் இல்லை.

இனி ஒலி விவரிப்பு. கதை சொல்லும் குரலுக்குள் அடங்காமல் நின்றவை ஐந்தே இடங்கள். அவற்றில் இரண்டை மட்டும் சொல்கிறேன்.

தொடக்கக் காட்சியில் எட்டு நொடி இசை மட்டும். புளோக்கின் கீழ்த்தளம், மின்தூக்கிக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் பதாகை, அதை நின்று படிக்கும் ஒரு மூதாட்டி. அதன் பிறகு, "இந்த நிறத்தைக் கண்டால் கவனமாக இருங்கள்" என்று குரல் தொடங்கியது. எந்த நிறம் என்பது ஒலியில் எங்குமே இல்லை. இதில் பாதிக்கப்படுவது பார்வையற்றவர் மட்டுமல்ல, சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவரும்தான். டெங்கிப் பரவல் வட்டாரங்களில் வைக்கப்படும் பதாகைகளில் மஞ்சள் என்றால் அங்கே பத்துக்கும் குறைவானோருக்கு நோய் கண்டிருக்கிறது, சிவப்பு என்றால் பத்து அல்லது அதற்கு மேற்பட்டோருக்கு. நிறம்தான் அங்கே செய்தி. அதைச் சொல்லாமல் விட்டால் காட்சியே வீண்.

இசை ஓடும் எட்டு நொடிக்குள் விவரிப்பாக எழுதியது: "புளோக்கின் கீழ்த்தளம். மின்தூக்கி அருகே சிவப்புப் பதாகை. ஒரு மூதாட்டி நின்று படிக்கிறார்." பத்துச் சொற்கள், ஐந்து நொடிக்குச் சற்று மேல். முன்னும் பின்னும் இசைக்கு மூச்சுவிட இடம் இருக்கிறது. அடுத்து வரும் குரல், "சிவப்பு என்றால் அந்த வட்டாரத்தில் பத்து அல்லது அதற்கு மேற்பட்டோருக்கு டெங்கி. மஞ்சள் என்றால் பத்துக்கும் குறைவு" என்று தொடர்கிறது.

விவரிப்பில் "கவலையுடன் படிக்கிறார்" என்று போடச் சொல்லிக் குழுவில் ஒருவர் வற்புறுத்தினார். கண்ணுக்குத் தெரிவதைச் சொல், அதன் பொருளைச் சொல்லாதே என்பது விவரிப்பாளர்கள் எல்லாரும் படிக்கும் பாலபாடம். அதனால் 'புருவத்தைச் சுருக்கி' என்று எழுதிக் கொடுப்பார்கள். என்னைக் கேட்டால் இந்தக் காணொளிக்கு அந்த அம்மாவின் புருவமே வேண்டாம். நாடகத்துக்கு முகம் முக்கியம். கொசு முட்டையை எங்கே தேடுவது என்று சொல்லும் படத்தில் இரண்டு சொல் மிச்சமானால் அதைப் பதாகைக்குக் கொடுப்பேன்.

இரண்டாவது இடம் நடுவில் வரும் ஐந்து ஆங்கில எழுத்துகள். தேசிய சுற்றுப்புற வாரியத்தின் தடுப்பு முறையில் ஐந்து படிகள்: இறுகிய மண்ணைக் கிளறிவிடுவது, பூந்தொட்டித் தட்டை எடுத்துத் தண்ணீரைக் கொட்டுவது, வாளியைக் கவிழ்த்து விளிம்பைத் துடைப்பது, பூச்சாடித் தண்ணீரை மாற்றுவது, கூரை நீர்க்கால்களைச் சுத்தமாக வைத்து பூச்சிமருந்து இடுவது. ஆங்கிலத்தில் இவற்றின் முதல் எழுத்துகள் சேர்ந்து `B-L-O-C-K` ஆகின்றன. தமிழில் ஆவதில்லை. தமிழில் ஒரு சொல்லைச் செயற்கையாக உருட்டித் தரச் சொல்லி இரண்டு பேர் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். நான்கு மொழிக்கும் பொதுவான படத்தில் ஆங்கில எழுத்துகளை அழிக்கவும் முடியாது. ஆகவே விவரிப்பில் "திரையில் ஐந்து படிகளுக்கு ஐந்து ஆங்கில எழுத்துகள்: `B-L-O-C-K`" என்று ஒரே முறை சொல்லிவிட்டு, பேச்சில் 'முதல் படி', 'இரண்டாம் படி' என்று எண்ணால் நடத்தினோம். திரையில் எழுத்து தோன்றுவதற்கு அரை நொடி முன்பே எண் ஒலிக்கும்படி வைத்தால், படிப்பவரும் கேட்பவரும் ஒரே இடத்தில் நிற்கிறார்கள்.

ஐந்தாம் படி தரைவீடுகளுக்கு உரியது. வீவக வீட்டில் குடியிருப்பவர் கூரை ஏறப்போவதில்லை. அதை ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டு, மிச்சமான ஆறு நொடியை மூன்றாம் படிக்குக் கொடுத்தோம். அங்கேதான் தேவை இருந்தது.

மூன்றாம் படியில், "வாளியைக் கவிழ்த்து இப்படித் துடையுங்கள்" என்று முதல் பிரதி சொன்னது. படத்தில் ஒரு விரல் வாளியின் விளிம்பைச் சுற்றி ஓடுகிறது. எதற்காக என்று பார்வை உள்ளவருக்கே தெரியாது. பிளாஸ்டிக் வாளியின் விளிம்பு பலத்துக்காக வெளிப்பக்கம் மடிக்கப்பட்டிருக்கும். கவிழ்த்து வைத்தால் அந்த மடிப்பு வாய்க்கால் மாதிரி மேல்நோக்கி நின்று தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். உட்புறம் காய்ந்திருக்கும், விளிம்பில் கொசு வளரும். புதிய பேச்சு: "வாளியைக் கவிழ்த்து வையுங்கள். அதன் விளிம்பு வெளிப்பக்கம் மடிந்திருக்கும். அந்த மடிப்பிலும் தண்ணீர் நிற்கும். விரலால் தடவிப் பாருங்கள். ஈரமாக இருந்தால் துணியால் துடையுங்கள்."

'தடவிப் பாருங்கள்' என்பதைச் சேர்த்தது நான் அல்ல. பார்வை போய்ப் பல ஆண்டுகளாகத் தனியே வாழும் முன்னாள் துறைமுக ஊழியர் ஒருவர் சேர்த்தது. பதிவுக்கு முன் பிரதியை அவருக்குப் படித்துக் காட்டினோம். வாளிக் காட்சிக்கு முன்னால் இன்னொரு வரி இருந்தது: "தண்ணீரில் புழுக்கள் நெளிகின்றனவா என்று வாரந்தோறும் பாருங்கள்." விவரிப்பில் புழு எப்படி இருக்கும், எவ்வளவு நீளம், எப்படி நெளியும் என்றெல்லாம் எழுதியிருந்தோம். கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "புழுவைப் பற்றி நன்றாகச் சொல்லியிருக்கிறீர்கள் ஐயா. ஆனால் நான் எப்படிப் பார்ப்பது? பார்க்காமல் செய்ய ஒரு வழி சொல்லுங்கள்."

காட்சியை விவரிப்பதும் செய்முறையைச் சொல்வதும் வேறுவேறு வேலை. படத்தில் இருப்பது ஒன்றுவிடாமல் ஒலியில் வந்துவிட்டாலும், சொல்லும் செயல் கண் இல்லாமல் செய்ய முடியாததாக இருந்தால் அவருக்கு அந்தக் காணொளியால் பயன் இல்லை. முட்டை கொசுவாக ஏறக்குறைய ஏழு நாள் ஆகும். ஆகவே புழு இருக்கிறதா இல்லையா என்ற கேள்வியே தேவையற்றது. வாரத்துக்கு ஒரு நாள் குறித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டிக் கவிழ்த்துவிட்டால் போதும். வரி இப்படி மாறியது: "வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்று எல்லா வாளிகளையும் கவிழுங்கள். புழு இருக்கிறதா என்று தேட வேண்டாம்." 'தேட வேண்டாம்' ஒரே துண்டுக்குள் அடங்குகிறதா என்று எண்ணிப் பார்த்துக்கொண்டேன். புழுவின் நெருக்கக் காட்சியையும், அதற்கான விவரிப்பையும் வெட்டியதில் ஏழு நொடி மிச்சமாயிற்று. அந்த நொடிகள் அப்படியே மௌனமாக நிற்கின்றன. இரண்டு படிகளுக்கு நடுவே கேட்பவர் நினைவில் வாங்கிக்கொள்ள அந்த மௌனம் தேவை.

குரல் பதிவின்போது இரண்டு குரல்கள் வைத்தோம். கதை சொல்வது ஒரு பெண், விவரிப்பது ஓர் ஆண். ஒரே குரலாக இருந்தால் எது படம், எது அறிவுரை என்று கேட்பவர் குழம்புவார். விவரிக்கும் குரலில் உணர்ச்சி ஏற்ற இறக்கம் குறைவாக இருக்க வேண்டும், ஆனால் ரயில் நிலைய அறிவிப்பாகவும் ஆகிவிடக்கூடாது. விவரிப்பை ஒலிக்கோப்பாகப் பதிவு செய்யாமல், எழுத்துக்கோப்பாகக் கொடுத்தால் கருவியே படித்துவிடாதா என்று மாணவர் கேட்டார். `WEBVTT` வடிவில் அதற்கும் ஓர் வகை இருக்கிறது, `kind="descriptions"` என்று. பெரும்பாலான உலாவிகள் அதைத் தாமாக வாசிப்பதில்லை. மனிதக் குரலே நம்பகமானது.

முடிந்த படம் 2 நிமிடம் 22 நொடி. இதில் பேச்சு 104 நொடி, விவரிப்பு 17 நொடி, மிச்சம் 21 நொடி இசையும் ஓசையும் மௌனமும். பேச்சு முன்பைவிட நான்கு நொடி குறைந்திருப்பது, படம் நீண்டும் பேச்சு குறைந்திருப்பது, மொழிபெயர்ப்புப் பிரதியில் எவ்வளவு இட்டுநிரப்பல் இருந்தது என்பதற்குச் சான்று. 'என்பதால்', 'நன்றாக', 'ஒருபோதும்', 'நாம் அனைவரும்' ஆகியவற்றைக் களைந்ததிலேயே பாதி நேரம் திரும்பி வந்துவிட்டது.

எல்லாம் தீர்ந்துவிடவில்லை. தமிழ்ச் சப்டைட்டில் யாருக்கு என்ற கேள்வி குழுவில் எழுந்தது. வயதான பிறகு செவித்திறன் குறைந்த பெரியவர்களுக்கு அது சரியாக உதவுகிறது. பிறவியிலேயே காது கேளாமல், ஆங்கிலத்திலும் சைகை மொழியிலும் படித்து வளர்ந்த தமிழ் இளையருக்கு அது உதவாது. அவர்களுக்கு ஆங்கில வரிகள் தனிக்கோப்பாக வேண்டும். அவற்றையும் பழைய ஆங்கிலப் பிரதியிலிருந்து எடுக்கக்கூடாது, திருத்திய தமிழிலிருந்து எழுத வேண்டும். பழையதில் இன்னும் 'இப்படி'யும் 'இங்கே'யும் அப்படியே இருக்கின்றன.

இன்னொன்று, வாட்ஸ்அப். யூடியூபில் சப்டைட்டில் கோப்பைத் தனியே ஏற்றினால் பார்ப்பவர் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம், வேண்டாதவர் அணைத்துவிடலாம். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது அந்தக் கோப்பு கூடப் போவதில்லை. புளோக் குழுக்களில் எல்லாம் ஓடுவது வாட்ஸ்அப்தான். ஆகவே எழுத்தைப் படத்திலேயே பதித்த பிரதி ஒன்றும் வேண்டியிருந்தது. எழுத்தைப் படத்தின் அடியில் ஒட்டவைக்காமல் சற்று மேலே தூக்கி வைத்தோம், பொத்தான்கள் மறைக்காமல் இருக்க. விவரிப்பு உள்ளது, இல்லாதது என்று இரண்டு பிரதிகளை அனுப்பலாமா என்று கேட்டார்கள். முகப்புப் படம் இரண்டுக்கும் ஒன்றுபோல இருக்கும். எது எது என்று கண் தெரியாதவர்தான் திறந்து திறந்து தேட வேண்டியிருக்கும். விவரிப்பு உள்ளதை மட்டும் அனுப்புவது என்று முடிவாயிற்று. யூடியூபில் இரண்டும் இருக்கின்றன, தலைப்பின் முதல் சொல்லாக 'ஒலி விவரிப்புடன்' என்று போட்டு. கடைசியில் போட்டால் கைபேசித் திரையில் தலைப்பு பாதியில் வெட்டுப்பட்டு அந்தச் சொல்லே தெரியாமல் போகும்.